ஒரு மணிக்கு ஆரம்பித்து ஒரு மணிக்கே முடியும் கல்யாணம்

பயம் வந்தால் நான் ஜெனரேட்டர் ரூமுக்குள் போய்விடுவேன். கல்யாண மண்டபத்தில் மேனேஜராகப் பன்னிரண்டு வருஷம். அந்த ஜெனரேட்டரின் எந்தப் போல்ட் எந்தப் பக்கம் துருப்பிடித்திருக்கிறது என்று மெக்கானிக்கை விட எனக்கு நன்றாகத் தெரியும். அத்தனை தடவை அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

எங்கள் மண்டபம் தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் போகும் ரோட்டில், ஒரு சின்ன ஊரின் கடைத்தெரு முடியும் இடத்தில் இருக்கிறது. முதலாளி துபாயில் இருக்கும் பாய். வருஷத்துக்கு ஒருமுறை வருவார். மீதி நாளெல்லாம் போனில் வருவார். எதிரே ஒரு நெல் அரவை மில். பின்னால் மூன்று தெரு. மூன்றாவது தெருவில் மாதா கோயில். அதற்கு முந்தின தெருவில்தான் எங்கள் மண்டபத்தைப் பெருக்கித் துடைக்கும் ஏழு பெண்களுக்குத் தலைவியான அக்காவின் வீடு. அக்காவுக்கு என்னை விட நாலைந்து வயது கூட இருக்கும். எனக்கு ஐம்பது நெருங்கியும் அவர் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். மண்டபத்தில் எனக்கு வயது குறையும் ஒரே இடம் அதுதான்.

அந்த ஆவணியில் ஒரு நாள் மானம் போயிற்று. காலைக் கல்யாணக்காரர்கள் இரண்டு மணிக்குக் காலி செய்ய வேண்டும், அடுத்த கல்யாணக்காரர்கள் மூன்று மணிக்கு வருவார்கள் என்று நோட்டில் நானேதான் எழுதியிருந்தேன். நடுவில் ஒரு மணி நேரம். ஒரு மணி நேரத்தில் என்ன செய்துவிட முடியும் என்று நான் யோசிக்கவே இல்லை. காலைக்காரர்கள் மூன்றரை வரை கட்டுச்சோறு கட்டிக்கொண்டிருந்தார்கள். சீர்ப் பாத்திரத்தில் ஒரு குத்துவிளக்கைக் காணவில்லை என்று இரண்டு சம்பந்திகளும் சமையல்கட்டில் நின்றார்கள். பந்திக் கூடத்தில் எச்சில் இலை மலையாகக் கிடந்தது. வாசலில் மேளம். அடுத்த பெண் வேனிலிருந்து இறங்கி உள்ளே வந்தாள். மேடையில் தெர்மாகோலில் வேறொரு பெண்ணின் பெயரும் வேறொரு மாப்பிள்ளையின் பெயரும் பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தன.

"இது யாரு கல்யாணம்?" என்று பெண்ணின் அத்தை கேட்டது மில் வரைக்கும் கேட்டிருக்கும்.

நான் ஜெனரேட்டர் ரூமில் இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. கையில் துடைப்பத்தோடு அக்கா.

"தம்பி, இங்க டீசல்தான் இருக்கு. தைரியம் ஒண்ணும் இல்ல. வெளிய வாங்க."

வந்தேன். அக்காவும் அவர் ஆட்களும் ஒருபக்கம் இலையை வாரினார்கள், நான் ஏணியில் ஏறிப் பழைய மாப்பிள்ளையைக் கழற்றினேன். பெயரின் முதல் எழுத்து மட்டும் கடைசி வரை வரவில்லை. நல்ல வேளையாகப் புது மாப்பிள்ளைக்கும் அதே முதலெழுத்து. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் மொத்தமும் அந்த ஓர் எழுத்தில் செலவாகிவிட்டது என்று பின்னால் பலமுறை நினைத்திருக்கிறேன்.

மறுநாள் அக்கா என் மேஜைக்கு எதிரே வந்து நின்றார். உட்காருங்கள் என்றால் உட்கார மாட்டார்.

"ஒரு விசேஷத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல எங்களுக்கு மூணு மணி நேரம் வேணும் தம்பி. சும்மா கேக்கல. மொத மணி நேரம் அவங்க கெளம்பவே சரியா இருக்கும். செருப்பத் தேடுவாங்க, சார்ஜரத் தேடுவாங்க. ரெண்டாவது மணி நேரம் இலை, சமையல்கட்டு, சாக்கடை. மூணாவது தரை காயணும். காயாம நாற்காலி போட்டா வழுக்கும். அப்புறம்தான் மேடை. அதுக்குக் கொறஞ்சா என்னால ஆகாது."

எனக்கு அது வேதவாக்காகப் பட்டது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் பாயின் மகன் துபாயிலிருந்தே எங்களுக்கு ஓர் இணையப் பக்கம் செய்து கொடுத்திருந்தான். யார் வேண்டுமானாலும் போனில் பார்க்கலாம். காலியாக இருக்கும் நேரம் பச்சையாகத் தெரியும். காலி இல்லாத நேரம் சாம்பல் நிறம். பச்சையைத் தொட்டால் பதிவு செய்யலாம், சாம்பலைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. சாம்பலுக்கு ஏன் சாம்பல் என்று காரணமும் சொல்லாது. யாரோ கல்யாணம் செய்கிறார்களா, தரை காய்கிறதா, இரண்டும் அதற்கு ஒன்றுதான்.

உள்ளே இடைவெளி விடுவதற்கென்று இரண்டு கட்டங்கள் இருந்தன. 'நிகழ்ச்சிக்குப் பின்' என்று ஒன்று. 'நிகழ்ச்சிக்கு முன்' என்று ஒன்று. முதல் கட்டத்தில் மூன்று என்று போட்டேன். இரண்டாவது கட்டம் காலியாக என்னைப் பார்த்தது. எனக்குக் காலிக் கட்டத்தைக் கண்டால் ஆகாது. ரேஷன் கார்டு விண்ணப்பத்தில் 'திருமணமான மகள்கள்' என்ற இடத்தில் மகளே இல்லாத நான் கோடு போடுவதற்குப் பதில் ஏதோ எழுதி, அதைத் திருத்த ஆறு மாதம் நடந்தவன். காலியாக விட்டால் திரும்பவும் ஓர் அத்தை வந்து "இது யாரு கல்யாணம்?" என்று கேட்டுவிடுவாளோ என்ற பயம். அங்கேயும் மூன்று என்று போட்டேன். அப்போதுதான் நெஞ்சு அடங்கியது.

அதோடு நிற்கவில்லை. நோட்டைத் தூக்கிப் பரணில் போட்டேன். 'இணையப் பக்கத்தில் உள்ளதே இறுதி. நேரில் கேட்டுப் பயனில்லை. எல்லோருக்கும் ஒரே விதி' என்று பெரிய எழுத்தில் எழுதி வாசலில் மாட்டினேன். ஊரில் பெரிய மனிதர்கள் ஆள் அனுப்பி "கொஞ்சம் பாத்துச் செய்ங்க" என்பார்கள். அவர்களுக்காக. ஒரு கட்சிக்காரரின் ஆளிடம் போனைக் காட்டி, "சாம்பலா இருக்கு பாருங்க, நான் என்ன செய்ய?" என்று கை விரித்தபோது பின்னால் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்த அக்கா சிரித்தார். "இப்பத்தான் தம்பி மேனேஜர் மாதிரி இருக்கீங்க" என்றார். அன்றைக்கு முழுக்க எனக்குத் தரையில் கால் படவில்லை.

ஏற்கெனவே பதிவானவை அப்படியே இருந்தன. புதிதாகக் கேட்பவர்களுக்குத் தெரிகிற பச்சைதான் கரைந்துகொண்டே போனது. பாய் போனில் கேட்டார். "என்னய்யா, ஐப்பசி பூரா சாம்பலா இருக்கு?"

"நல்ல கிராக்கி பாய்" என்றேன்.

புரட்டாசி நடுவில், குறுவை அறுத்து ரோட்டில் பாதிக்கு நெல் காய்ந்துகொண்டிருந்த ஒரு பகல். நான் மேஜையில் பூக்காரரின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வாளியோடு அந்தப் பக்கம் போனவர் நின்றார்.

"தம்பி, ஐப்பசியில அந்தத் திங்கக்கெழம பகல் எப்படி? பத்துலேருந்து நாலு வரைக்கும் இருந்தாப் போதும்."

தேதியையும் சொன்னார். நான் போனைத் திருப்பிப் பார்த்தேன். சாம்பல்.

"ஃபுல் அக்கா."

"கொஞ்சம் நல்லாப் பாருங்களேன்."

"இணையப் பக்கத்துல இல்லன்னா இல்ல அக்கா. உங்களுக்குத் தெரியாததா?"

"அதுவும் சரிதான்" என்று வாளியை எடுத்துக்கொண்டு போனார். யாருக்குக் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை. பூக்காரர் சம்பங்கி முழத்தை இரண்டு இடத்தில் எழுதியிருந்தார். அதுதான் அந்த நேரத்தில் உலகத்திலேயே பெரிய விஷயமாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அக்கா பத்திரிகை வைத்தார். மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கப்பலில் வேலை செய்கிறவர். லீவு கொஞ்சம்தான், அதனால் தேதியை நகர்த்த முடியாது. பூசையும் விருந்தும் தரங்கம்பாடிக்குப் பக்கத்தில், மாப்பிள்ளையின் பங்குக் கோயிலிலேயே. கோயிலை ஒட்டி அவர்களுக்கு ஒரு கூடம் இருக்கிறதாம்.

"என்னக்கா, நம்ம மண்டபம் பிடிக்கலையா?" என்று கேட்டேன். சிரிப்பதற்காகத்தான் கேட்டேன். இதை எழுதும்போது என் வாயில் நானே ஒரு போடு போடலாம் போலிருக்கிறது.

"அங்க கடல் காத்து நல்லா வரும் தம்பி" என்றார்.

அவசியம் வருவேன் என்றேன். பிறகு பார்த்தால் அதே திங்கட்கிழமை. ஞாயிறு மாலை ஒரு வரவேற்பு, அவர்கள் திங்கள் காலை ஏழு மணிக்குக் காலி செய்வார்கள். செவ்வாய் கல்யாணக்காரர்கள் திங்கள் மாலை ஏழு மணிக்குப் பெண் அழைப்போடு வருவார்கள். நடுவில் மண்டபத்தை விட்டு எப்படிப் போவது? ஆவணி அத்தை என் கனவில் இன்னும் வந்துகொண்டிருந்தாள். அக்காவிடம் சொன்னேன். "பரவால்ல தம்பி, நீங்களாவது இங்க இருங்க" என்றார். அந்த 'ஆவது' எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை அக்காவின் ஆட்கள் ஐந்து பேர் வேனில் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். மீதி இரண்டு பேரோடு பக்கத்து ஊர் ஆட்கள் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டேன். ஞாயிற்றுக்காரர்கள் சொன்னபடி ஏழு மணிக்குப் போனார்கள். பத்து மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. தரை காய்ந்து, நாற்காலி வரிசையாக, மேடை துடைத்து, பந்திக் கூடத்தில் மேஜைக்குப் பேப்பர்கூட விரித்தாயிற்று. ஆட்கள் போய்விட்டார்கள். நான் தனியே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. இவ்வளவு பெரிய இடத்தில் ஒரே ஆள் உட்கார்ந்தால் அவன் மாப்பிள்ளை மாதிரியும் இருப்பான், திருடன் மாதிரியும் இருப்பான். கொட்டாவி விட்டால் எதிரொலித்தது.

பன்னிரண்டரைக்கு வாசலைப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் பின்தெரு வழியாக நடந்தேன். அக்காவின் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு அவர் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார்.

அவருக்குப் போன வருஷம் பக்கவாதம். அதற்கு முன் ஆற்றுப்பாசன வாய்க்கால் வேலைக்குப் போனவர், நல்ல உடம்பு. இப்போது வலது கையும் காலும் விளங்கவில்லை, பேச்சு பாதி. போதாததற்கு நெஞ்சிலும் கோளாறு. கல்யாணத்துக்கு அவரும் போயிருப்பார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மடிப்புக் கலையவில்லை. தலை வாரிப் பவுடர் போட்டிருந்தது. பக்கத்து வீட்டம்மா அவர் முகத்துக்கு நேரே போனைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க போகலையா?" என்றேன் அவரிடம்.

பக்கத்து வீட்டம்மா பதில் சொன்னார். "ரெண்டு மணி நேரம் வேன்ல குலுங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு சார். இங்கன்னா நம்ம கோயிலு, நம்ம மண்டபம், நாற்காலியோட தூக்கிட்டே போயிருப்பாங்க. கெடைக்கலையே."

போனில் படம் நின்று நின்று வந்தது. வெள்ளைச் சேலையில் பெண் தெரிந்தாள், பிறகு யாரோ ஒருவரின் முதுகு, பிறகு கூரை. சத்தம் வந்தது, படம் வரவில்லை. படம் வந்தபோது சத்தம் போய்விட்டது. அவர் கண்ணை எடுக்கவில்லை. வீடியோ அறுந்த பிறகு என்னைப் பார்த்தார். இடது கையால் மண்டபம் இருக்கும் திசையைக் காட்டினார்.

"இன்னிக்கு... யாரு... கல்யாணம்?"

மேளச் சத்தம் கேட்காததால் கேட்கிறார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். யாருடைய கல்யாணமும் இல்லை.

"சுத்தம் பண்றோம்" என்றேன்.

"ஓ" என்று தலையாட்டினார். மரியாதையாக. அவர் மனைவியின் வேலையாயிற்றே.

டீ குடிக்கவில்லை. திரும்பி வந்து, வழக்கமான இடத்துக்கு, ஜெனரேட்டர் ரூமுக்குப் போய், போனில் அந்த இரண்டு கட்டங்களைத் திறந்தேன். கணக்கு ஒன்றும் பெரியதில்லை, விரலில் போடலாம். காலை ஏழுக்கு ஒருத்தர் போகிறார். அவருக்குப் பின் மூன்று மணி நேரம், பத்து. நடுவில் வருகிறவருக்கு முன் மூன்று, பகல் ஒன்று. அந்தப் பக்கம் மாலை ஏழு. ஏழுக்காரருக்கு முன் மூன்று, மாலை நாலு. நடுவில் இருப்பவருக்குப் பின் மூன்று, பகல் ஒன்று. ஆக என் விதிப்படி அந்தத் திங்கட்கிழமை நடக்கக்கூடிய கல்யாணம் பகல் ஒரு மணிக்கு ஆரம்பித்துப் பகல் ஒரு மணிக்கே முடிய வேண்டும். அதனால் நாள் முழுக்கச் சாம்பல். ஒரே பெருக்கலை, ஒரே கழுவலை, போகிறவர் பெயரில் ஒருமுறையும் வருகிறவர் பெயரில் ஒருமுறையும் எழுதி வைத்திருக்கிறேன். அக்கா கேட்டது மூன்று. நான் கொடுத்தது ஆறு. இரண்டாவது கட்டம் காலியாக இருந்திருந்தால் பத்திலிருந்து நாலு வரை பச்சையாக இருந்திருக்கும். பத்திலிருந்து நாலு. அக்கா வாளியோடு நின்று சொன்ன அதே நேரம். வேலை செய்கிறவருக்குத் தெரியாதா? மனசுக்குள் கூட்டிக் கழித்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருக்கிறார்.

பரணில் ஏறி நோட்டை எடுத்துப் பார்த்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். ஏணி பக்கத்திலேயேதான் இருந்தது.

புதன்கிழமை அக்கா வேலைக்கு வந்தார். கையில் அதிரசமும் முறுக்கும். மாடிப் படியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். என்னென்னவோ ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லாம் மறந்து, இரண்டு கட்டத்தையும் அப்படியே சொன்னேன். அக்கா துணியைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"அப்ப அன்னிக்குப் பகல் பூரா சும்மாத்தான் கெடந்துச்சா?"

"ஆமாக்கா."

"பெருக்கியிருந்துச்சா?"

"பத்து மணிக்கே முடிஞ்சுது."

"நாற்காலி?"

"போட்டிருந்துச்சு."

"எத்தன?"

"முந்நூறு."

துணியை வாளிக்குள் விட்டார். வாளியில் தண்ணீர் அசைவதை நிறுத்தியது.

"எங்களுக்கு இருநூறு போதும்" என்றார். பிறகு, "மூணு மணி நேரம் கேட்டவ நான்தானே" என்றார்.

"இல்லக்கா, நீங்க கேட்டது சரி. நான்தான்..."

"விடுங்க சார்."

சார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. திட்டியிருக்கலாம். துடைப்பத்தைத் தூக்கியிருக்கலாம், நான் நின்று வாங்கியிருப்பேன். அடுத்த படிக்கு இறங்கித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த படியில் நான் நிற்பதைப் பார்த்து, "கால் தடம் விழும், அந்தப் பக்கமாப் போங்க" என்றார். போனேன்.

இரண்டாவது கட்டத்தைப் பூஜ்யமாக்கினேன். ஒரே நொடியில் தை மாதம் முழுக்கப் பச்சை துளிர்த்துவிட்டது. நாற்று நட்ட வயல் மாதிரி. "என்னய்யா, கிராக்கி கொறைஞ்சிருச்சா?" என்றார் பாய். நடந்ததைச் சொன்னேன். "அந்த அம்மாட்ட நான் பேசறேன்" என்றார். பேசினார். என்ன பேசினார்கள் என்று இருவருமே சொல்லவில்லை.

வாசல் பலகையையும் மாற்றினேன். 'காலி இல்லை என்று காட்டினாலும் ஒருமுறை நேரில் கேளுங்கள்.' இப்போது ஊரே கேட்கிறது. கட்சிக்காரரின் ஆள் வாரம் இரண்டு தடவை வருகிறார். ஒவ்வொருவருக்கும் பரணிலிருந்து இறக்கிய நோட்டைப் பிரித்து, முந்தினவர் எப்போது போகிறார், பிந்தினவர் எப்போது வருகிறார், நடுவில் தரை காய நேரம் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன். யாருக்கு என்றும் கேட்கிறேன்.

மாசியில் அக்காவின் வீட்டுக்காரர் போய்விட்டார். காலையில் காபி குடித்துவிட்டுச் சாய்ந்தவர்தான். கப்பலுக்குத் திரும்பியிருந்த மருமகனால் வர முடியவில்லை, மகள் வந்தாள். அடக்கம் மறுநாள் மாலை நாலு மணிக்கு. கல்லறைத் தோட்டம் கடைத்தெருவைத் தாண்டி இருக்கிறது. பூசை முடிந்து மண்டப வாசல் வழியாகத்தான் வர வேண்டும்.

அன்றைக்கும் மண்டபத்தில் கல்யாணம்தான். எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. மைக் செட்டும் மேளமுமாக இருக்கும்போது அவரைத் தூக்கிக்கொண்டு வந்தால்? நோட்டைப் பார்த்தேன். காலைக்காரர்கள் இரண்டரைக்குக் காலி. மாலைக்காரர்கள் ஐந்தரைக்கு. நடுவில் அந்த மூன்று மணி நேரம். நான் எதையும் நகர்த்தவில்லை. அது தானாகவே அப்படி விழுந்திருந்தது.

நாலரை சுமாருக்கு மணிச் சத்தத்தோடு தெருமுனையில் திரும்பினார்கள். மண்டபத்தில் மேளம் இல்லை, பாட்டு இல்லை. அக்காவின் இடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் ஈரத் துணியோடும் துடைப்பத்தோடும் வந்து வாசலில் வரிசையாக நின்றார்கள். நான் கேட்டை இரண்டு பக்கமும் விரியத் திறந்து வைத்தேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. உள்ளே தரை காய்ந்துகொண்டிருந்தது, நாற்காலிகளை அப்போதுதான் போட ஆரம்பித்திருந்தார்கள். திறந்த பெட்டியில் அவர் போட்டிருந்தது அதே வெள்ளைச் சட்டை.

பெட்டிக்குப் பின்னால் வந்த அக்கா வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். கூட்டமும் நின்றது. உள்ளே மேடை வரைக்கும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்குல்ல தம்பி?" என்றார்.

"இருக்குக்கா."

"அந்த ஓரத்துல ஈரம் அப்படியே நிக்குது. இன்னொருவாட்டி துடைக்கச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு நடந்தார். நான் துணியை வாங்கி நானே துடைத்தேன்.